போட்டியாளர் விலையைக் குறைத்தால் திட்டக் கணக்கு என்ன ஆகும்?

கேள்வி: பல்லடம் பக்கம் 40 லட்சத்தில் கேன் வாட்டர் பிளான்ட் போடப் போகிறேன். 25 லட்சம் வங்கிக் கடன், 11% வட்டி, 5 வருடம். தினம் 1,000 கேன், ஏஜென்டுக்கு 14 ரூபாய், வருடம் 300 நாள். ஒரு கேனுக்குச் செலவு 6 ரூபாய். வாடகை, சம்பளம் எல்லாம் வருடம் 9 லட்சம். ஏற்கெனவே இரண்டு பிளான்ட் இங்கே ஓடுகின்றன. நான் இறங்கினால் விலையைக் குறைப்போம் என்கிறார்கள். ஆடிட்டர், வரும் வருடங்களின் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் பார்க்கும் தள்ளுபடி விகிதத்தை 14%-லிருந்து 18% ஆக்கிப் பார்த்தும் லாபம் என்கிறார். நம்பலாமா?

பதில்: அந்த 18% கணக்கை நம்பி இறங்காதீர்கள். உங்கள் எண்களின்படி வருடம் 15 லட்சம் மிஞ்சும். 14%-ல் 5 வருடத்துக்குக் கணக்கிட்டால், போட்ட 40 லட்சம் போக இன்றைய மதிப்பில் 11.5 லட்சம் லாபம். 18% வைத்தாலும் 6.9 லட்சம் நிற்கிறது (வரியையும், கடைசியில் மெஷினை விற்று வருவதையும் சேர்க்கவில்லை). ஆனால் விகிதத்தை ஏற்றுவது எல்லா வருடத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக, பிந்திய வருடங்களைக் கூடுதலாக அரிக்கும், அவ்வளவுதான். விலைப்போர் அப்படி வராது. குறிப்பிட்ட இரண்டு வருடத்தின் வசூலை அடியோடு சாய்த்துவிட்டுப் போகும். அதனால் அதை அந்தந்த வருடத்தின் பணவரவிலேயே எழுத வேண்டும்.

முதலில், அவர்களால் எவ்வளவு இறங்க முடியும் என்று பாருங்கள். அவர்களுக்கு மெஷின் கடன் முடிந்திருந்தால், ஒரு கேனுக்கு ஆகும் தண்ணீர், கரன்ட், மூடி, டீசல் செலவுக்கு மேல் எது வந்தாலும் அவர்களுக்கு வரவுதான். சொந்த ஆழ்துளைக் கிணறு இருந்தால் அந்தச் செலவு உங்கள் 6 ரூபாயைவிடக் குறைவாகவே இருக்கலாம். ஆகவே 11 ரூபாய் அவர்களுக்கு வலிக்காத விலை. மெஷின் பாதி நேரம் சும்மா நிற்கிறது என்றால் கட்டாயம் இறங்குவார்கள். மதியம் அவர்கள் வண்டி எத்தனை நடை போகிறது என்று ஒரு வாரம் கவனித்தாலே இது தெரிந்துவிடும்.

இப்போது வருடவாரியாக எழுதுவோம். முதல் வருடம் அவர்கள் பொறுத்துப் பார்க்கிறார்கள் என்று வைத்து, 15 லட்சத்தை அப்படியே விடுங்கள். இரண்டாம், மூன்றாம் வருடம் விலை 11, உங்களுக்குக் கிடைப்பது 900 கேன். கேனுக்கு 5 ரூபாய் மிஞ்சினால் வருடம் 13.5 லட்சம்; 9 லட்சம் போக 4.5 லட்சம்தான். விலை குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு, கையில் மிஞ்சுவதில் போனது 70%. நான்காம், ஐந்தாம் வருடம் விலை 13 வரை ஏறட்டும், 14-க்கு வேண்டாம். அதே 900 கேனுக்கு அப்போது வருடம் 9.9 லட்சம். ஒருமுறை இறங்கிய விலை சீக்கிரம் ஏறாது. 2016 செப்டம்பரில் ஜியோ இலவசமாக இறங்கியபின், செல்போன் கட்டணத்தை நிறுவனங்கள் பெரிதாக ஏற்றியது 2019 டிசம்பரில்தான்.

இந்த வரிசையை அதே 14%-ல் கணக்கிட்டால் சுமார் 9.3 லட்சம் நஷ்டம். 18%-ல் லாபம் காட்டிய திட்டம்தான் இது. இதோடு தள்ளுபடி விகிதத்தையும் ஏற்றாதீர்கள், ஒரே பயத்தை இரண்டு தடவை கழித்ததாகிவிடும். விலைப்போர் வர வாய்ப்பு 60%, வராமலிருக்க 40% என்று எடை போட்டால் சராசரி ஒரு லட்சம் நஷ்டம். வாய்ப்பு 55%-க்குக் கீழே இருந்தால்தான் திட்டம் தேறும். அந்த இருவரையும் தெரிந்த நீங்கள்தான் அந்த எண்ணைச் சொல்ல முடியும். அவர்கள் வாய்விட்டே சொல்லியிருப்பதால், நானாக இருந்தால் 60-க்குக் கீழே வைக்க மாட்டேன்.

இன்னொரு ஆபத்து இ.எம்.ஐ. வருடத்துக்குச் சுமார் 6.5 லட்சம் கட்ட வேண்டும், போர் வருடத்தில் வருவதோ 4.5 லட்சம். ஏஜென்டுகளும் சும்மா இருக்க மாட்டார்கள், 25 நாள் கடன் கேட்பார்கள். அதில் இரண்டரை லட்சம் முடங்கும். இரண்டு வருடப் பற்றாக்குறையையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 6.5 லட்சம் துண்டு விழும். முதல் வருடம் இ.எம்.ஐ. போக மிஞ்சும் எட்டரை லட்சத்தைத் தொடாமல் வைத்திருந்தால்தான் தாக்குப்பிடிப்பீர்கள்.

அப்புறம், மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் பனியன் கம்பெனிகளையும் விடுதிகளையும் பாருங்கள். தினம் 450 கேனுக்கு 13 ரூபாய் என்று மூன்று வருட ஒப்பந்தம் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தால் போர் வருடத்தில் 7.2 லட்சம் மிஞ்சும், இ.எம்.ஐ. அதிலேயே கட்டிவிடலாம். நல்ல வருடத்தில் கேனுக்கு ஒரு ரூபாய் விட்டுக்கொடுப்பதால் சராசரி அப்போதும் அரை லட்சத்துக்கு மேல் நஷ்டத்தில்தான் நிற்கும். ஆகவே ஒப்பந்தம் கிடைத்தாலும், மெஷின் விலையில் ஒன்றிரண்டு லட்சம் குறையாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.