கார் சார்ஜர் சாக்கெட் வேலை செய்யவில்லை: ஃபியூஸைப் பார்ப்பது எப்படி?

"காரில் சார்ஜர் சாக்கெட் திடீரென்று செத்துவிட்டது. 15 ஆம்பியர் ஃபியூஸ் போயிருக்கிறது. கையில் 20 தான் இருக்கிறது, போடலாமா?"

போடாதீர்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது சாக்கெட்டை அல்ல, அதற்குப் போகும் வயரை. அந்த வயர் 15 ஆம்பியருக்குக் கணக்கிட்டுப் போடப்பட்டது. 20 போட்டால், ஃபியூஸ் உருகுவதற்கு முன்பே வயரின் உறை சூடாகி இளகத் தொடங்கலாம். ஃபியூஸுக்குப் பதில் கம்பியோ ஃபாயிலோ சுற்றுவது அதைவிட மோசம்.

முதலில், போனது சாக்கெட்டின் ஃபியூஸ்தானா என்று உறுதிசெய்யுங்கள். பெரும்பாலான கார்களில் டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு பெட்டி, எஞ்சின் அறையில் ஒன்று இருக்கும். வரைபடம் மூடியின் உட்புறத்திலோ காரின் கையேட்டிலோ கிடைக்கும். ஒரே ஃபியூஸ் இரண்டு மூன்று வேலைகளுக்கும் இருக்கலாம். கூடவே வேறு ஏதாவது நின்றிருந்தால் அது நல்ல துப்பு.

சாவியை அணைத்துவிட்டு, பெட்டியிலுள்ள பிளாஸ்டிக் இடுக்கியால் நேராக இழுங்கள். நடுவிலுள்ள உலோக இழை அறுந்திருந்தால் போய்விட்டது. அதே அளவு, அதே எண் கொண்டதைப் போடுங்கள். வழக்கமான பிளேடு ஃபியூஸில் 15 நீலம், 20 மஞ்சள். நிறத்தை நம்பாமல் மேலே அச்சிட்ட எண்ணைப் படியுங்கள்.

போடுவதற்கு முன் சார்ஜரைக் கழற்றி, சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே விழுந்த நாணயம்தான் பல நேரம் குற்றவாளி. சாக்கெட் காலியாக இருந்தும் புது ஃபியூஸ் உடனே போனால், வயரில் எங்கோ ஷார்ட். மூன்றாவது ஃபியூஸை வீணாக்காமல் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.