சிமென்ட் பில்லில் கட்டிய வரி கழியவில்லை

"ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை. விற்பனையில் வசூலித்த வரி 27,000, சிமென்ட்டுக்குக் கட்டியது 18,000. 9,000 கட்டினால் போதாதா? ஜி.எஸ்.டி தளம் முழுசும் கேட்கிறது."

இந்த மாதம் 27,000-ஐயும் கட்டத்தான் வேண்டும். பில் கையில் இருந்தால் போதாது, விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலான உங்கள் GSTR-2B-யில் அது ஏறியிருந்தால்தான் 18,000 கழியும்.

அநேகமாகக் கடைக்காரர் தன் விற்பனை ரிட்டர்னான GSTR-1-ஐத் தாமதமாகப் போட்டிருப்பார். மாத ரிட்டர்ன் என்றால் மறுமாதம் 11-ஆம் தேதி கெடு, 14-ஆம் தேதி 2B வரும். அவர் 13-ஆம் தேதி போட்டிருந்தால் அடுத்த மாத 2B-யில் வந்துவிடும், அப்போது கழித்துக்கொள்ளலாம்.

அப்புறம், பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி எண் இருக்கிறதா பாருங்கள். எண் இல்லாமல் சில்லறை விற்பனையாகக் காட்டியிருந்தால் எத்தனை மாதம் காத்திருந்தாலும் வராது, அவர்தான் திருத்த வேண்டும். காரைக்குடிக் கடை என்றால் போனில் பேசாமல் பில்லோடு நேரில் போங்கள்.

பில் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் எடுக்காவிட்டால் 18,000 போனதுதான். ஆண்டு ரிட்டர்னை முன்னதாகவே போட்டுவிட்டால், கெடுவும் அன்றோடு சரி.