டிகிரி ஆடிட்: 121 கிரெடிட் இருந்தும் சிவப்பு வட்டம் ஏன்?

பட்டத்துக்கான நிபந்தனைகளில் எவை முடிந்தன, எவை பாக்கி என்று பல்கலைக்கழகம் இணையத்தில் காட்டும் பட்டியல்தான் டிகிரி ஆடிட். முடிந்ததற்குப் பச்சை, பாக்கிக்குச் சிவப்பு வட்டம். அதைப் பற்றி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் மாணவர்களும் பெற்றோரும் இந்த மாதம் கேட்டவற்றில் மூன்று.

பட்டத்துக்கு 120 கிரெடிட் போதும். என்னிடம் 121 இருக்கிறது. ஆனாலும் ஆடிட்டில் "Still Needed" என்று வருகிறதே?

மொத்த கிரெடிட் என்பது ஒரு நிபந்தனைதான். நீங்கள் அனுப்பிய கணக்கையே பார்ப்போம். கம்யூனிட்டி காலேஜிலிருந்து வந்தது 66, பள்ளியில் எழுதிய AP தேர்வுகளில் 12, பல்கலைக்கழகத்தில் படித்தது 43. உங்கள் பட்டத்துக்கு மேல்நிலைப் பாடங்களில், அதாவது 300, 400 எண்களில் தொடங்கும் பாடங்களில், 42 கிரெடிட் வேண்டும். கம்யூனிட்டி காலேஜ் பாடங்களும் AP-யும் கீழ்நிலையில் வரவு வைக்கப்பட்டிருக்கின்றன. இங்கே எடுத்த 43-இல் மேல்நிலை 36 மட்டுமே. ஆக, 6 குறைகிறது. எலெக்டிவ்தானே என்று இன்னொரு 100 நிலைப் பாடம் எடுத்தால் மொத்தம் 124 ஆகும், சிவப்பு வட்டம் அப்படியே இருக்கும். பிடித்த துறையில் இரண்டு 300 நிலைப் பாடங்கள் எடுங்கள். அதற்கு முன் படித்திருக்க வேண்டிய பாடம் ஏதாவது உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள் கடைசிப் பாடத்தைக் கோடையில் ஊரிலுள்ள கம்யூனிட்டி காலேஜில் படிக்கலாமா? செலவு குறையும். ரெசிடென்சி 30 ஏற்கெனவே முடிந்துவிட்டது.

இங்கே ரெசிடென்சி என்பது எந்த மாநிலத்தில் குடியிருக்கிறோம் என்பதல்ல. பட்டம் தரும் கல்லூரியிலேயே படித்த கிரெடிட். அதில் இரண்டு விதி இருக்கலாம். ஒன்று, மொத்தத்தில் குறைந்தது இத்தனை இங்கே படித்திருக்க வேண்டும். இன்னொன்று, கடைசி 30 கிரெடிட்டை இங்கேயே முடிக்க வேண்டும். முதல் வரிக்குப் பச்சை விழுந்ததும் பலர் அடுத்த வரியைப் படிப்பதில்லை. அங்கேதான் பட்டம் ஒரு பருவம் தள்ளிப்போகிறது. கட்டணம் கட்டுவதற்கு முன்பே அட்வைசரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்மொழியாகச் சரி என்றது ஆடிட்டில் ஏறாது.

மைனர் ஒன்று சேர்த்தால் எவ்வளவு கூடுதலாகப் படிக்க வேண்டியிருக்கும்?

மைனர் என்பது மேஜர் எனும் முதன்மைத் துறையோடு சேர்த்துப் படிக்கும் துணைத் துறை. முறைப்படி அறிவிக்காத மைனர் உங்கள் ஆடிட்டில் தெரியாது. "What-If" பகுதியில் மைனரைத் தேர்ந்தெடுத்து ஓட்டிப் பாருங்கள். பதிவில் எதுவும் மாறாது. பல மைனர்கள் 15 முதல் 18 கிரெடிட் வரை. புள்ளியியல் பாடம் ஒன்று மேஜருக்கும் மைனருக்கும் சேர்ந்து எண்ணப்படலாம். ஆனால் எத்தனை பாடங்களுக்கு அப்படி இடம் தருவார்கள் என்பது துறைக்குத் துறை வேறுபடும். அப்புறம், இப்போது படித்துக்கொண்டிருக்கும் பாடங்களையும் முடித்ததாக வைத்துத்தான் இந்தக் கணக்கு வரும். C வேண்டிய பாடத்தில் D வந்தால், அந்த இடம் மறுபடி காலியாகிவிடும். அதனால் மதிப்பெண் வந்த அன்றே ஆடிட்டை ஒருமுறை புதிதாக ஓட்டுங்கள்.