லே-ஆஃப் வேறு, ஆட்குறைப்பு வேறு

ஐயா, வணக்கம். ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். மூலப்பொருள் வராததால் 12 வேலை நாள் லே-ஆஃப் அறிவித்து இரு மொழியிலும் ஒட்டினோம். தமிழில் 'ஆட்குறைப்பு' என்று போட்டோம். தொழிலாளர்கள் கொதித்துவிட்டார்கள். எப்படி எழுதியிருக்க வேண்டும்?

அன்புள்ள நண்பருக்கு,

அவர்கள் கொதித்தது நியாயம்தான். ஆட்குறைப்பு என்றால் வேலை போய்விட்டது என்று பொருள். ஓராண்டாவது தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஒரு மாத முன்னறிவிப்பும், பணியாற்றிய ஆண்டு ஒவ்வொன்றுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் கொடுத்துக் கணக்கை முடிப்பது அது. லே-ஆஃப் அப்படியல்ல. மூலப்பொருள் இல்லை, மின்சாரம் இல்லை, இயந்திரம் பழுது என்ற காரணங்களால் நிர்வாகத்தால் சில நாள் வேலை கொடுக்க முடியாத நிலை அது. தொழிலாளியின் பெயர் மஸ்டர் ரோலில் அப்படியே இருக்கும். 1947 தொழில் தகராறுச் சட்டம் வகுத்த இந்த வேறுபாடு 2020 தொழிலுறவுத் தொகுப்பிலும் தொடர்கிறது.

ஐ.டி. நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானோரை வெளியேற்றும்போது நாளிதழ்கள் 'லே-ஆஃப்' என்று எழுதுகின்றன. அது அமெரிக்க வழக்கு. அந்தப் பழக்கத்தில்தான் உங்கள் அலுவலகத்திலும் ஆட்குறைப்பு என்று எழுதியிருப்பார்கள்.

பதற்றத்தைவிட எனக்குக் கவலை தருவது பணம். லே-ஆஃப் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டும் சேர்ந்த தொகையில் பாதி உண்டு. நாளுக்கு 600 ரூபாய் வாங்குபவருக்கு 300 வீதம் 12 நாளைக்கு 3,600 ரூபாய். ஆனால் அவர் தினமும் ஒரு தடவையாவது, குறித்த நேரத்தில், வேலைக்குத் தயாராக ஆலைக்கு வந்து நிற்க வேண்டும். வராத நாளுக்கு இழப்பீடு கிடையாது. ஆட்குறைப்பு என்று படித்தவர் எதற்கு வரப்போகிறார்? ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்.

அதனால் லே-ஆஃப் என்ற சொல்லையே தமிழ் எழுத்தில் வைத்துவிடுங்கள், தொழிலாளர்களுக்குப் பழகிய சொல்தான். அதற்கான தூய தமிழைத் தேடுவதைவிட, விளைவுகளைச் சொல்லும் வரிகளைச் சேருங்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"மூலப்பொருள் வராததால் கீழ்க்கண்ட 12 வேலை நாட்களுக்கு லே-ஆஃப் அறிவிக்கப்படுகிறது. இது வேலைநீக்கம் அல்ல. உங்கள் பணித் தொடர்ச்சி முறியாது. ஓராண்டு தொடர்ந்து பணிபுரிந்த, பட்டியலில் பெயர் உள்ள தொழிலாளர்களுக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் 50 சதவீதம் வழங்கப்படும். வாராந்திர விடுமுறைக்கு இது பொருந்தாது. இந்த 50 சதவீதத்தைப் பெறத் தினமும் உங்கள் ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் டைம் ஆபீசில் வருகையைப் பதிய வேண்டும்."

அப்புறம், ஒட்டுமுன் ஷிப்டிலிருந்து ஒருவரை அழைத்துத் தமிழை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். வேலை இருக்கிறதா, நாளைக்கு வரணுமா, எவ்வளவு கிடைக்கும் என்று கேளுங்கள். ஒன்றில் தடுமாறினாலும் அந்த வரியை மாற்றி எழுதுங்கள். "முரண்பாடு எழுந்தால் ஆங்கில வடிவமே செல்லும்" என்று அடியில் போட்டுத் தப்பிக்க நினைக்க வேண்டாம். அந்த ஆங்கிலத்தைப் படிக்க முடியாதவருக்காகத்தான் தமிழில் ஒட்டுகிறீர்கள்.