ரிப்போர்ட் வருவதற்கு முன்பே

அன்புள்ள ஐயா,

என் மாமா சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இரண்டு மாதமாகக் கஷாயம் மட்டும் குடிக்கிறார். டெஸ்டில் அளவு குறைந்தால் ‘பாத்தியா, கஷாயம் கேக்குது’ என்கிறார். ஏறினால் ‘லேப்காரன் சரியில்லை’ என்று வேறு லேபுக்குப் போகிறார். டாக்டர்கள் பேசிய வீடியோக்களை நானும் அனுப்பிக்கொண்டே இருக்கிறேன், மதிப்பதே இல்லை. தலைமையாசிரியராக இருந்தவர். ஆதாரத்தைக் கண்ணெதிரே வைத்தும் ஏன் மனம் மாறுவதில்லை?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

முதலில் ஒன்று. கஷாயம் கேட்கிறதா இல்லையா என்ற வழக்கு தீரும்வரை மாத்திரை காத்திருக்கக் கூடாது. இந்த வாரமே அவரை டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

பீட்டர் டிட்டோ, டேவிட் லோபஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1992இல் வெளியிட்ட ஒரு சோதனை உங்கள் மாமாவை அப்படியே காட்டுகிறது. மாணவர்களிடம் ஒரு மஞ்சள் காகிதத் துண்டைக் கொடுத்து, எச்சிலில் நனைத்தால் உடலில் ஒரு என்சைம் குறைவாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும் என்றார்கள். அது நிறமே மாறாத வெறும் காகிதம். நிறம் மாறாவிட்டால் குறைபாடு என்று சிலருக்கும், மாறாவிட்டால் குறைபாடு இல்லை என்று மற்றவர்களுக்கும் சொல்லியிருந்தார்கள். நல்ல செய்தி கிடைத்தவர்கள் சீக்கிரமே காகிதத்தை உறைக்குள் போட்டுச் சோதனையை முடித்துக்கொண்டார்கள். கெட்ட செய்தி கிடைத்தவர்கள் சுமார் அரை நிமிடம் கூடுதலாகக் காத்திருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மறுபடி நனைத்துப் பார்த்தார்கள், குலுக்கிப் பார்த்தார்கள். நல்ல செய்திக்காரர்களில் மறுபடி சோதித்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

இதில் யாரும் ஆதாரத்தை மறுக்கவில்லை. மறுபடி சரிபார்ப்பது நல்ல பழக்கம்தான். அந்தப் பழக்கம் பிடிக்காத முடிவு வரும்போது மட்டும் வருவதுதான் கோளாறு. அதனால்தான் இது உள்ளிருப்பவருக்குத் தெரிவதே இல்லை. தான் ஜாக்கிரதையாக இருப்பதாகத்தான் உங்கள் மாமா மனதார நம்புகிறார்.

படித்தவர் என்பதும் இதில் கைகொடுக்காது. ஸ்டான்ஃபோர்டில் 1979இல் மரண தண்டனையை ஆதரிக்கும் 24 மாணவர்களுக்கும் எதிர்க்கும் 24 மாணவர்களுக்கும் இரண்டு ஆய்வுகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒன்று தண்டனை கொலைகளைக் குறைக்கிறது என்றது, மற்றது இல்லை என்றது. இரண்டுமே ஆய்வாளர்கள் தயாரித்தவை. எந்த ஆய்வுமுறை எந்த முடிவைத் தரும் என்பதையும் ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுத்தார்கள். ஆகவே ஒரே ஆய்வுமுறை, முடிவு பிடித்திருந்தால் ‘நன்றாகச் செய்திருக்கிறார்கள்’ என்றும், பிடிக்காவிட்டால் ‘ஓட்டை ஆய்வு’ என்றும் பெயர் வாங்கியது. அவர்கள் காட்டிய ஓட்டைகள் அர்த்தமுள்ளவைதான். ஓட்டை கண்டுபிடிக்கப் படிப்பு உதவுகிறது, எந்தப் பக்கம் தேடுவது என்பதை விருப்பம் முடிவு செய்துவிடுகிறது.

அந்தக் குழுவினரில் சிலர் 1984இல் இந்தக் கோளாறுக்கு மருந்தையும் தேடினார்கள். ‘நடுநிலையோடு படியுங்கள்’ என்று சொன்னதால் பயன் ஒன்றுமில்லை. ‘இதே ஆய்வு எதிர்முடிவைச் சொல்லியிருந்தால் இதே மதிப்பைக் கொடுத்திருப்பேனா என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்’ என்றபோது சாய்வு குறைந்தது.

இந்தக் கேள்வி உங்களுக்கும் உண்டு. நீங்கள் அனுப்பிய வீடியோக்களில் பேசியவர் யார், எதை வைத்துச் சொன்னார் என்று பார்த்தீர்களா? அதே ஆள் கஷாயத்தைப் புகழ்ந்திருந்தால் பார்த்திருப்பீர்கள். மாமாவுக்கு அந்த வித்தியாசம் தெரியும், அதனால்தான் மதிக்கவில்லை.

வீடியோவை நிறுத்திவிட்டு, டாக்டரை வைத்துக்கொண்டே அவரோடு ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: எந்த லேப், எந்த டெஸ்ட், எந்த எண் வந்தால் கஷாயம் போதவில்லை என்று ஒப்புக்கொள்வது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் எடுக்கும் சர்க்கரை அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும், அதில் யாரும் வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளலாம். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி டெஸ்டில் அப்படிப் பொறுக்க முடியாது. மாமா மாத்திரையை விட்டு இரண்டு மாதம் ஆகிவிட்டதால் இப்போதே அது ஓரளவு பேசும். ரத்தசோகை இருந்தால் அந்த அளவும் ஏமாற்றும். அப்படிப்பட்ட சந்தேகத்தை ரிப்போர்ட் வருவதற்கு முன்பே மாமா எழுப்பட்டும், ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். வந்த பிறகு எழும் சந்தேகமும் செல்லும், ஆனால் அதே சந்தேகத்தை அவர் மெச்சிய பழைய ரிப்போர்ட்டுகளுக்கும் போட்டுப் பார்க்கவேண்டும்.

எல்லாவற்றையும் சமமாக நம்பச் சொல்லவில்லை. பத்தே நாளில் சர்க்கரையை ஒழிப்பேன் என்பவரிடம் கூடுதல் ஆதாரம் கேட்பது நியாயம், ஏனென்றால் அதற்கு எதிராக நமக்குத் தெரிந்தது ஏராளம். ஆதாரம் கண்டால் மனம் இன்னும் இறுகிவிடும் என்பதும் மிகை. 1979 மாணவர்கள் தாங்கள் இறுகியதாகத் தாங்களே சொன்னார்கள். பிறகு வந்த ஆய்வுகளில், ஆதாரத்தைப் படிப்பதற்கு முன்னும் பின்னும் கருத்தைக் கேட்டு அளந்தவர்கள் அப்படி இறுகுவதைப் பெரும்பாலும் காணவில்லை.

காகிதத்தில் மாமா கையெழுத்துப் போட்டால் நீங்களும் போடுங்கள். எண் அவர் பக்கம் வந்தால் நீங்கள் என்ன ஒப்புக்கொள்வீர்கள் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.