வாடகை கொடுத்ததற்கு எது சான்று: ரொக்கமா, வங்கிக் கணக்கா?

கேள்வி: சென்னையில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்காரர் ரொக்கமாகத்தான் வேண்டும் என்கிறார், ரசீதும் தருவதில்லை. நாளைக்குப் பிரச்சினை வந்தால் என் கையில் என்ன இருக்கும்? பேங்கில் போட்டுவிட்டால் மட்டும் போதுமா?

பதில்: நான் வழக்கறிஞர் அல்லன், ஒருமுறை இந்தச் சிக்கலில் மாட்டி, வழக்கறிஞரின் உதவியோடு வெளியே வந்தவன். வீட்டு உரிமையாளர்கள் எல்லோரையும் குறை சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். என் சித்தப்பாவே இரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கிறார், அவரிடம் குடியிருப்பவர்களின் சங்கடங்களையும் அவருடைய சங்கடங்களையும் சேர்த்தே கேட்டு வளர்ந்தவன் நான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வாடகையைக் கொடுத்தேன் என்று சொல்பவர்தான் கொடுத்ததை நிரூபிக்க வேண்டும். வாங்கவில்லை என்று சொல்பவர் வெறுமனே மறுத்தால் போதும். ஆகவே ரொக்கமாகக் கொடுப்பது சட்டப்படி தவறில்லை என்றாலும், கையெழுத்து வாங்காமல் கொடுத்த ரொக்கம் தகராறு என்று வரும்போது கொடுக்காத பணத்தைப் போலவே ஆகிவிடுகிறது. ஏடிஎம்மில் அன்று பணம் எடுத்ததாகக் கணக்கில் இருக்கிறதே என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் பணம் எடுத்தீர்கள் என்பதைத்தான் அது காட்டும், அந்தப் பணம் யார் கைக்குப் போனது என்பதைக் காட்டாது.

கொளத்தூரில் நாங்கள் இருந்த மாடி வீட்டுக்கு மாத வாடகை 14,000 ரூபாய், முன்பணம் 1,40,000 ரூபாய். உரிமையாளர் பெரியவர், எங்களுக்குள் எந்த மனத்தாங்கலும் இருந்ததில்லை. ஆனால் காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகு, ஐந்து மாத வாடகை பாக்கி 70,000 என்றும், வெள்ளையடிக்க 15,000 என்றும் கழித்துக்கொண்டு, மீதி 55,000 மட்டுமே தருவதாகச் சொன்னார். வெள்ளையடிக்கும் செலவு ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்ததால் அதில் எனக்குப் பேச்சில்லை. பாக்கி என்று அவர் சொன்ன ஐந்து மாதங்களில் மூன்று மாத வாடகையை ரொக்கமாகவும், இரண்டு மாத வாடகையை யுபிஐ மூலம் அவருடைய மகன் எண்ணுக்கும் கொடுத்திருந்தேன்.

ரொக்கம் கொடுத்த மாதங்களுக்காக என் மனைவி ஒரு வாடகை நோட்டு வைத்திருந்தார். அதில் இரண்டு மாதங்களுக்குத் தேதி, தொகை, எந்த மாத வாடகை என்பதோடு பெரியவரின் கையெழுத்தும் இருந்தது. அந்தப் பக்கங்களின் நகலைப் பார்த்ததும் அந்த 28,000 ரூபாயைப் பற்றிய பேச்சே நின்றுபோனது. மூன்றாவது மாதத்தில் அவர் அவசரமாக வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்தார், ‘அப்புறம் போட்டுத் தருகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே, காலையில் இன்ன தொகையை இன்ன மாத வாடகையாகத் தங்களிடம் கொடுத்தேன் என்று வாட்ஸப்பில் எழுதி அனுப்பினேன். அவர் படித்தார், பதில் போடவில்லை. எங்கள் வழக்கறிஞரின் கணிப்பு இதுதான்: அன்றே எழுதியது என்பதால் அந்தச் செய்திக்கு ஓரளவு மதிப்பு உண்டு, ஆனால் எதிராளியின் மௌனத்தை ஒப்புதல் என்று வைத்து வாதாடுவது கடினம். அவரிடமிருந்து ‘சரி’ என்று ஒரு சொல் வந்திருந்தால் நிலைமையே வேறு.

வங்கி வழியாகப் போன இரண்டு மாதங்களைப் பற்றிச் சொன்னால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். பணம் மகனுக்குப் போனதைப் பெரியவர் மறுக்கவில்லை. ‘அது என் மகனிடம் நீங்கள் வாங்கிய கைமாற்றைத் திருப்பிக் கொடுத்தது, வாடகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை’ என்றார்! என் மனம் வெறுத்தது அந்த இடத்தில்தான். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போனதை வங்கிக் கணக்கு சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டும். எதற்காகப் போனது என்பதை, நாம் எழுதியிருந்தால் ஒழிய, அது காட்டாது. நல்லவேளையாக, அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் ‘ஜூன் வாடகை’, ‘ஜூலை வாடகை’ என்று எழுதியிருந்தேன். அதைவிட முக்கியமாக, ‘வாடகையை இனி இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்’ என்று பெரியவரே மகனின் எண்ணோடு அனுப்பிய செய்தி என் கைபேசியில் அழியாமல் இருந்தது. உரிமையாளர் அல்லாத ஒருவரின் கணக்குக்கு அனுப்ப நேர்ந்தால், அப்படி அனுப்பச் சொன்னவர் உரிமையாளர்தான் என்பதற்கு எழுத்து வேண்டும்.

யுபிஐ செயலியின் திரைப்பிடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். அதைத் திருத்திவிட்டதாக எதிராளி எளிதாகச் சொல்லலாம். நிலுவையில் நின்று பிறகு திரும்பி வந்துவிட்ட பணத்துக்கும் திரைப்பிடிப்பு இருக்கக்கூடும். எங்கள் வழக்கறிஞர் கிளையில் முத்திரையிட்டுக் கொடுத்த கணக்கு அறிக்கையைத்தான் கேட்டார். அதில் இருக்கும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை மாதவாரியாக ஒரே தாளில் எழுதி, அதன் பக்கத்தில் நோட்டுக் கையெழுத்துகளையும் வரிசைப்படுத்தி, அறிவிப்போடு இணைத்து அனுப்பினோம். வழக்கு மன்றம் வரை போகவில்லை. கையெழுத்து இல்லாத அந்த ஒரு மாதத்தை ஆளுக்குப் பாதி என்று பேசி முடித்து, 1,18,000 ரூபாய் திரும்பி வந்தது. அந்த 7,000 ரூபாய்க்காக நடையாய் நடக்க எனக்கு மனமில்லை. நீ விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் அது அவரவர் தெம்பைப் பொறுத்தது.

வாடகை, பராமரிப்பு, மின்கட்டணம் மூன்றையும் கூட்டி ஒரே தொகையாக அனுப்பும் பழக்கத்திலும் ஓர் ஆபத்து இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பல பாக்கிகள் இருக்கும்போது எதற்காகக் கொடுக்கிறோம் என்று கொடுப்பவர் சொன்னால் அதற்குத்தான் வரவு வைக்க வேண்டும். அவர் சொல்லாவிட்டால், சூழ்நிலையிலிருந்தும் அது தெரியாவிட்டால், வாங்குபவர் தம் விருப்பப்படி வரவு வைத்துக்கொள்ளலாம். அதாவது நீங்கள் அனுப்பிய 14,000 ரூபாயிலிருந்து மின்கட்டணம் 1,140 ரூபாயை முதலில் கழித்துக்கொண்டு, வாடகையில் அவ்வளவு குறைகிறது என்று அவர் சொல்ல இடமுண்டு. மின்வாரியம் வாங்குவதற்கு மேல் யூனிட்டுக்கு இவ்வளவு என்று இவர்களாகவே ஒரு விலை வைத்து வசூலிப்பது பற்றி நான் பேசத் தொடங்கினால் இந்தப் பதில் முடியாது. வாடகையைத் தனியாக, மாதத்தின் பெயரோடு அனுப்புங்கள். மற்றவற்றை வேறு பரிவர்த்தனையாக அனுப்புங்கள்.

இனி, ரசீது தராத உங்கள் வீட்டுக்காரர். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் சட்டப்படி, வாங்கிய வாடகைக்கு ரசீது தருவது அவருடைய கடமை. சட்டத்தைக் காட்டிச் சண்டை போட்டுக்கொண்டு அதே வீட்டில் குடியிருப்பது எளிதன்று என்பது எனக்குத் தெரியும். எனவே ரசீது என்ற பேச்சையே எடுக்காமல், வீட்டுச் செலவுக் கணக்குக்காக என்று சொல்லி ஒரு நோட்டை நீட்டிக் கையெழுத்து கேளுங்கள், பெரும்பாலானவர்கள் போட்டுவிடுவார்கள். தொகை 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரைத்தலையை ஒட்டி அதன்மேல் கையெழுத்து வாங்குவதுதான் முறை. கையெழுத்தே போட மாட்டேன் என்பவரானால், கொடுத்த அன்றே செய்தி அனுப்பி, அவர் பதில் எழுதும்படி அதிலேயே ஏதாவது ஒரு கேள்வியையும் வையுங்கள். ‘ஆகஸ்ட் வாடகை 14,000 காலையில் கொடுத்துவிட்டேன், தண்ணீர் மோட்டாரைச் சரிபார்க்க ஆள் எப்போது வருவார்?’ என்பதற்கு ‘நாளை வருவார்’ என்று பதில் வந்தால், முதல் பாதியைப் படித்தும் அவர் மறுக்கவில்லை என்பது பதிவாகிவிடும்.

முன்பணத்தை எக்காரணம் கொண்டும் ரசீது இல்லாமல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். மாத வாடகையில் ஒன்று போனால் ஒரு மாதப் பணம்தான் போகும். சென்னையில் முன்பணம் என்பது பல மாத வாடகை. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய கழிவு போகத் திருப்பித் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஒப்பந்தத்தில் குறைத்து எழுதி மீதியைக் கையில் வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் சொன்னால், திரும்பக் கேட்கும்போது உங்கள் பக்கம் நிற்கப்போவது எழுதிய தொகை மட்டுமே.