“ஓடிப்போனவர்கள்” பட்டியலை ஆதாரமாக எடுக்கலாமா?

“1890களின் இலங்கைத் தோட்டத் துரைமார் கடிதங்களில் ‘கூலிகள் ஓடிப்போனார்கள்’ என்று அடிக்கடி வருகிறது. பக்கச்சார்பான மூலம் என்று என் ஆய்வு மேற்பார்வையாளர் திருப்பிவிட்டார். தூக்கிப் போடவா?”

தூக்கிப் போடாதீங்க, அதனிடம் கேட்கும் கேள்வியை மாற்றுங்க. தொழிலாளர் ஏன் போனார்கள் என்பதற்கு அந்தக் கடிதம் பலவீனமான சாட்சி; துரைமார் எதைக் குற்றமாக எண்ணினார்கள் என்பதற்கோ முதல்தரமானது. “ஓடிப்போதல்” இங்கே சட்டச் சொல். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், முன்னறிவித்தல் தராமல் விலகுவதைக் குற்றமாக்கியது.

இனி ஒரு பதிவைப் பிரித்துப் பாருங்க. உதாரணமாக, ஒரே நாளில் 12 பேர், எல்லாரும் ஒரே கங்காணியின் ஆட்கள் என்று வைப்போம். தனித்தனியாகத் தப்பியவர்கள் இப்படிப் போவது அரிது. கங்காணி கடனோடு ஆட்களை வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம். அதைச் சோதிக்க, அதே மாதத்தின் வேலைநாள் பதிவான செக்ரோலும், கடனைக் கட்டினால் ஆட்களை விடுவிப்பதாகத் துரை எழுதித் தரும் துண்டும் கிடைக்கிறதா என்று தேடுங்க. துண்டில் கடன் தொகை இருக்கும். கடிதத்தில் வசவுதான் இருக்கும்.

பலர் சறுக்கும் இடம் வேறு. மாகாண நிர்வாகியான அரசாங்க அதிபரின் நாட்குறிப்பும் அதையே சொல்கிறது, ஆகவே இரண்டு ஆதாரம் என்று எழுதிவிடுவார்கள். அதிபர் துரையின் கடிதத்தைப் பார்த்தே எழுதியிருந்தால் அது ஒரே ஆதாரம்தான். எண்ணும் சொற்றொடரும் அப்படியே ஒத்திருந்தால் சந்தேகப்படுங்க.

சுவடிகள் திணைக்களத்தில் குறிப்பெடுக்கும்போது, ஆவணத் தொகுதியைக் குறிக்கும் லொட் இலக்கத்துடன் யார், யாருக்கு, எதைக் கேட்டு எழுதினார் என்பதையும் பதிந்துகொள்ளுங்க. கூடுதல் ஆள் கேட்கும் கடிதத்தில் ஓடியவர் தொகையை ஊதிப் பெருக்கியிருக்க வாய்ப்புண்டு.